மனப்பாடக் கதையை நிறுத்துவோம்: மூவர்ஸ் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் ஆசிரியர்களுக்கு

கல்லடியிலும் களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் ஆங்கில ரியூசன் நடத்தும் ரீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும்,

நானும் உங்களைப் போல வீட்டு விறாந்தையில் வகுப்பு நடத்துகிறவள்தான். கேம்பிரிட்ஜ் மூவர்ஸ் பேச்சுப் பரீட்சையின் இரண்டாம் பகுதியைப் பற்றி மட்டும் உங்களோடு பேச வேண்டும். நான்கு படங்களைக் காட்டி, பிள்ளையைக் கதை சொல்லச் சொல்லும் பகுதி அது.

இதற்கு நான் பல காலம் மனப்பாடம்தான் கொடுத்தேன். 'ஒன் டே' என்று தொடங்கி 'தே வேர் வெரி ஹாப்பி' என்று முடியும் பத்து வரி. வகுப்பில் மணி மணியாகச் சொன்ன ஒரு பிள்ளை, அங்கே போய் இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். ஏனென்றால் அங்கே தொடக்கம் பிள்ளையுடையது அல்ல. பரீட்சகர் கதையின் பெயரைச் சொல்வார், முதலில் படங்களைப் பார்க்கச் சொல்வார், பிறகு முதல் படத்தை அவரே விவரித்துவிட்டு, 'இனி நீ சொல்' என்பார். பிள்ளை தொடங்க வேண்டியது இரண்டாவது படத்தில். மனப்பாடம் செய்தவளுக்கு முதல் வரியைப் பறித்துவிட்டால் மற்றதெல்லாம் வராது.

ஒரு படத்தொடரை எடுத்துப் பார்ப்போம். இது நானே கரும்பலகையில் கீறியது. முதல் படத்தில் நிக் என்ற பையனும் அம்மாவும் பூங்காவில் விரிப்பில் சாப்பாடு வைக்கிறார்கள். இரண்டாவதில் இருவரும் பந்து விளையாடுகிறார்கள், மரத்துக்குப் பின்னால் ஒரு நாய். மூன்றாவதில் நாய் சாண்ட்விச்சைத் தின்கிறது. நான்காவதில் இருவரும் கடையில் சாப்பிடுகிறார்கள், நாய் வாசலில் இருக்கிறது.

நான் இப்போது கேட்கச் சொல்லிக்கொடுப்பது ஒரே கேள்வி: முந்தின படத்தில் இல்லாத என்ன இந்தப் படத்தில் வந்திருக்கிறது? இரண்டாவதில் பந்தும் நாயும் புதிது. 'தே ஆர் ப்ளேயிங். த டோக் இஸ் லுக்கிங் அட் த ஃபூட்.' போதும். மூன்றாவதில் நாய் இடம் மாறிவிட்டது: 'த டோக் இஸ் ஈட்டிங் த சாண்ட்விச்சஸ்.' அம்மாவின் முகம் மாறியிருந்தால் அதற்கொரு வசனம். நான்காவதில் இடமே மாறிவிட்டது. படத்துக்கு ஒன்றிரண்டு வசனம் வந்தால் கதை வந்துவிடும். கற்பனையோ அலங்காரமோ இந்த வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்க்கப்படுவதில்லை. பரீட்சகர் நிகழ்காலத்திலேயே தொடங்கித் தருவதால், பிள்ளையும் அதிலேயே போகலாம். இறந்தகாலத்துக்கு ஏன் இழுத்துக்கொண்டு போகிறோம்?

நம்முடைய பிள்ளைகளுக்கே உரிய ஒரு வழுக்கலும் இருக்கிறது. தமிழில் 'நாய் தின்கிறது' என்றால் முடிந்தது, நடுவில் ஒன்றும் தேவையில்லை. அதனால் 'டோக் ஈட்டிங்' என்று வந்துவிடும். 'இஸ்', 'ஆர்' விழுந்துபோவதைத்தான் நான் வகுப்பில் அதிகம் திருத்துகிறேன். ஆனால் பிள்ளை கதை சொல்லும்போது இடைமறிப்பதில்லை. முடித்த பிறகு அந்தப் படத்தைத் தொட்டுக்காட்டி மறுபடி சொல்லச் சொல்கிறேன்.

இன்னொன்று, தெரியாத சொல். விரிப்புக்கு ஆங்கிலம் தெரியாது என்பதற்காகப் படத்தையே விட்டுவிட்டு முழிக்கும் பிள்ளைகள் உண்டு. அதைத் தாண்டி, தெரிந்த நாயைச் சொல்லப் பழக்குங்கள். பிள்ளை நின்றுவிட்டால் பரீட்சகர் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார். அது தோற்றதற்கு அடையாளம் என்று பிள்ளை நினைத்துக் கலங்குவதைக் கண்டிருக்கிறேன். அப்படி இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சொல்லும் இலக்கணமும், உச்சரிப்பு, பரீட்சகரோடு பேசும் விதம் என்ற மூன்றுக்கும் புள்ளி உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அந்த மூன்றாவதில் வரும். மனப்பாடம் செய்தவளோ பரீட்சகரைப் பார்ப்பதே இல்லை, கண் கூரையில் இருக்கும்.

பயிற்சிக்குப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டாம். வீட்டில் நடந்ததையே நான்கு கட்டத்தில் கீறுங்கள். அம்மம்மா அப்பம் சுடுகிறார், கதவு திறந்திருக்கிறது, காகம் வருகிறது, தட்டு வெறுமை. பத்துப் பதினைந்து விநாடி பேசாமல் பார்க்கவிட்டு, முதலில் தமிழிலேயே சொல்லச் சொல்லுங்கள். 'காகம் தூக்கிட்டுப் போயிட்டு ரீச்சர்!' என்று கத்துகிற பிள்ளைக்குக் கதை பிடிபட்டுவிட்டது. அப்புறம் ஆங்கிலத்துக்கு வரலாம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த வகுப்பில், பிள்ளை முன்பு பார்க்காத நான்கு படங்களை எடுங்கள். முதல் படத்தை நீங்களே சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யார் யார் இரண்டாவது படத்தில் தொடங்குகிறார்கள், யார் மறுபடி முதல் படத்துக்குப் போகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் படத்துக்கே திரும்பிப் போகும் பிள்ளைகளோடுதான் பரீட்சைக்கு முந்தின வாரங்களில் நாம் உட்கார வேண்டும்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை