திங்கட்கிழமை காலை கடை திறக்கிறோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்த எங்கள் டைக் வீதிச் சாப்பாட்டுக் கடை வரும் திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் திறக்கிறது. "பெயின்ற் அடிக்க இவ்வளவு நாளா?" என்று பலர் கேட்டீர்கள். பெயின்ற் கடைசி வேலை. நாட்களை இழுத்தது சமையலறையின் கொங்கிரீட் கூரை.

கடலுக்கு இவ்வளவு கிட்ட இருக்கும் கட்டடத்தில் உப்புக்காற்று மெல்ல மெல்லக் கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் வேண்டும். அது உள்ளேயிருந்து தள்ளத் தள்ளக் கொங்கிரீட் வெடித்துப் பெயரும். இதற்கு மேல் எங்கள் அடுப்புகளின் ஆவி வேறு. முதலில் மண்ணிறக் கறைகள் கோடு கோடாகத் தெரிந்தன. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் வெறும் கூடு போலச் சத்தம் கேட்டது. மேலால் பூசிவிட்டால் இரண்டு நாளில் முடியும் என்றார் ஒரு மேசன். ஆனால் பூச்சுக்குள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பூச்சு சொதிச் சட்டிக்குள் விழும்.

அதனால் பழுதான இடங்களைக் கம்பிக்குப் பின்னால் முக்கால் அங்குலம் வரை உடைத்தெடுத்தோம். கம்பியை மினுங்கும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவினோம். மெலிந்துபோன இடங்களில் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, திருத்தச் சாந்து அடைத்தோம். பிறகு ஒரு கிழமை ஈரச் சாக்குக் கட்டி நனைத்தபடி விட்டோம். அந்தக் கிழமைதான் உங்களுக்கு 'ஒரு வேலையும் நடக்கவில்லை' என்று தெரிந்தது. உப்புக்காற்று நிற்கப்போவதில்லை; ஆகவே ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் தட்டிப் பார்ப்போம்.

ஆவி கூரையில் தங்காமல் அடுப்புகளுக்கு மேல் புதிதாகப் புகைக்கூடும் காற்றிழுக்கும் விசிறியும் பொருத்தியிருக்கிறோம். பொரியல் மணம் இனி உங்கள் சட்டையோடு அலுவலகம் வராது. மரக்கறிக்குத் தனி அடுப்பும் தனிச் சட்டிகளும் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் அந்த அடுப்பு மட்டும்தான் எரியும்.

நேரமும் மாறுகிறது. காலை 6 முதல் 10.30 வரை இடியப்பம், பிட்டு, 11.30 முதல் 3 வரை மதியச் சோறு, மாலை 5.30 முதல் இரவு 10 வரை அப்பம், கொத்துரொட்டி. பின்னேரம் 3க்கும் 5.30க்கும் இடையில் கதவு பூட்டியிருக்கும். புகைக்கூட்டின் வடிதட்டுகளைத் தினமும் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெய் படிந்தால் காற்று இழுபடாது, தீப்பிடிக்கவும் கூடும். தேநீருக்கு அந்த நேரம் வந்து பழகியவர்கள் கோபிக்க வேண்டாம்.

மாதச் சாப்பாட்டுக்குக் காசு கட்டியிருந்தவர்களுக்கு, பூட்டியிருந்த நாட்கள் அடுத்த மாதக் கணக்கில் கழிக்கப்படும். காசாகவே வேண்டுமென்றால் துண்டைக் கொண்டுவந்து காசாளரிடம் காட்டுங்கள். சோற்றின் விலையும் இடியப்பத்தின் விலையும் பழையபடிதான்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்
டைக் வீதி, திருகோணமலை