அபிடவிட்டில் கையெழுத்திடும் முன்

ஆசிரியருக்கு,

பட்டாவில் ஒரு பெயர், ஆதாரில் இனிஷியலோடு வேறொரு பெயர் என்றால் அபிடவிட் எனும் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறார்கள். அதில் வரும் ‘டெப்போனென்ட்’ வேறு யாருமல்ல, உறுதிகூறிக் கையெழுத்திடும் நாம்தான். ‘ஸ்வார்ன் பிஃபோர் மீ’ என்றால், இவர் என் முன்னால் சத்தியம் செய்தார் என்று நோட்டரி சொல்வதாகப் பொருள். கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உளமார உறுதி கூறலாம். சட்டம் இரண்டையும் ஏற்கிறது.

நோட்டரி முத்திரை விழுந்துவிட்டால் உள்ளே எழுதியதெல்லாம் உண்மை என்று சான்றளித்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. தெரிந்தே பொய் எழுதியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்திட்டவரே. வீட்டிலேயே கையெழுத்திட்டு முத்திரைக்கு மட்டும் ஆள் அனுப்பும் பழக்கம் ஆபத்தானது. ‘என் முன்னால்’ என்ற வரியே அங்கு பொய்யாகிவிடுகிறது. அபிடவிட் கேட்கும் அலுவலகங்கள் மாதிரிப் படிவத்தைத் தமிழிலேயே தர வேண்டும்.

— வாசகர், மதுரை