வீடு மாற்றும் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து தக்கலைக்கு நாங்கள் வீடு மாறி வந்தபோது, சாமான் ஏற்றிவந்த நிறுவனம் ஃபிரிட்ஜ் கதவை நசுக்கி, பீரோ கண்ணாடியை உடைத்து, கிரைண்டர் டிரம்மை விரிசல் விட வைத்தது. எங்கள் தெருவுக்குள் பெரிய லாரி நுழையாது. அதனால் மெயின் ரோட்டிலேயே எல்லாவற்றையும் மினி லாரிக்கு மாற்றினார்கள். சேதம் நடந்தது அங்கேதான். குமரி மாவட்டத்துச் சந்துகளுக்குக் குடிவருபவர்கள் அந்த இடத்தில் ஒருவரையாவது நிறுத்துவது நல்லது.

இறக்கி முடித்ததும், "கையெழுத்துப் போடுங்க, வண்டி திரும்பணும்" என்று அவசரப்படுத்தினார்கள். டெலிவரி சீட்டில் 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று முன்பே அச்சிட்டிருந்தது. என் மனைவி அதை அடித்துவிட்டு, '7, 12, 19 ஆம் எண் சாமான்கள் சேதம். மற்ற பெட்டிகள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். டிரைவரிடமும் கையெழுத்து வாங்கினார். எங்கள் வழக்குக்கு உயிரே அந்த ஒரு வரிதான்.

அந்த எண்கள் ஏற்றும்போது போட்ட சாமான் பட்டியலில் உள்ளவை. போட்டோ எடுக்கும்போதும் முதலில் எண் ஒட்டிய உறை தெரிய ஒன்று, பிரித்த பின் முழுப்பொருள் ஒன்று, உடைந்த இடம் கிட்டத்தில் ஒன்று என எடுத்தோம். எண் தெரியாத படத்தைக் காட்டினால், "இது எங்கள் வண்டியில் வந்ததுதானா?" என்று கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும் என்பதால் மூலப்படத்தை போனிலேயே வைத்திருக்கிறோம். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் புதுப்பொருள் விலையைக் கேட்காமல், மெக்கானிக் எழுதித் தந்த பழுதுச் செலவு மதிப்பீட்டை ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக எழுதினோம்.

நிறுவனம் தந்த பதில், ரசீதில் 'உரிமையாளர் பொறுப்பு' என்று இருக்கிறது, அதாவது சேதத்துக்குச் சாமானின் உரிமையாளரான நாங்களே பொறுப்பு என்பது. அப்படியானால் 3 லட்சம் மதிப்புக்கு 3 சதவீதம் என்று 9,000 ரூபாயை இன்சூரன்சுக்கென எங்களிடம் எதற்கு வாங்கினார்கள்? பாலிசி நகலைக் கேட்டோம், இன்றுவரை வரவில்லை. பணம் கட்டும்போதே பாலிசி எண்ணைக் கேளுங்கள். எண் தரமுடியாதவர்களுக்கு அந்தத் தொகையைக் கொடுக்காதீர்கள்.

2007 ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, வழக்குப் போடும் முன் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதுவும் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். "பார்க்கிறோம் சார், அடுத்த வாரம்" என்று இழுத்தடிப்பவர்களிடம் பலர் இந்தக் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம். நோட்டீஸை டெலிவரிச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அப்புறம், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நாம் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. எங்கள் நோட்டீஸ் போய்விட்டது. பதில் சரியில்லை என்றால் அடுத்து அங்கேதான் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை