முத்துப்பட்டன் கதையில் எதை வெட்டுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி மாணவர்களுக்கான கதைசொல்லும் போட்டியில் ஒரு குழு முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டாகப் பாடியதைக் கேட்டேன். நல்ல குரல், உடுக்கும் குடமும் பிசகவில்லை. ஆனால் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கதையைச் சுருக்கியபோது வெட்டக்கூடாத இடத்தை வெட்டிவிட்டார்கள்.

கோயில் கொடையில் விடிய விடியப் பாடும் கதை இது. பிராமண இளைஞனான பட்டன், வாலப்பகடை வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கக் கேட்கிறான். சக்கிலியர் குலத்தவரான பகடை உடனே சம்மதிக்கவில்லை. குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி எறிந்து, தோல் வேலை பழகிச் செருப்புத் தைத்துக்கொண்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறார். பட்டனும் அப்படியே செய்து, தன் கையால் தைத்த செருப்போடு வந்து நிற்கிறான். மேடைக்கு இந்த ஒரு காட்சியே போதும். பகடை ஒவ்வொரு நிபந்தனையாகச் சொல்ல, பின்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு அதையே திருப்பிக் கேட்க, உடுக்கு மெல்ல ஏறினால் சபை அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் குழு இதை இரண்டு வரி வசனத்தில் கடந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம், அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், பகடை எடுத்து வளர்த்தார் என்ற பிறப்புக் கதைக்குப் போனது. அப்படிச் சொல்லும் பாடமும் உண்டுதான். ஆனால் அது சாதி மீறலை மறைக்கப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை விளக்கியிருக்கிறார். பெண்கள் பிராமணர் என்றால் பட்டன் பூணூலைக் கழற்றியதற்கு என்ன பொருள்? கதையின் முதுகெலும்பே போய்விடுகிறது.

காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு இன்றும் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். ஜனங்கள் எந்தக் காட்சியை மனசில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

சுருக்குவது தப்பில்லை. தொடக்கத்தில் பாடும் காப்பு நான்கு வரி போதும். பட்டனுக்குத் தன் அண்ணன்மாரோடு நடந்த சண்டையை வசனத்தில் சொல்லிவிடலாம். மாடு திருட வந்தவர்களை எதிர்த்து நின்ற பட்டனை ஒளிந்திருந்தவன் குத்திச் சாய்ப்பதும், பெண்கள் இருவரும் தீப்பாய்வதும் மட்டும் பாட்டாகவே வரவேண்டும். அங்கே தாளம் தணிந்து, குடம் நின்று, உடுக்கு மட்டும் பேச வேண்டும். இதற்குப் பன்னிரண்டு நிமிடம் பத்தாது, இருபதாவது வேண்டும்.

போட்டி நடத்துபவர்கள் அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டும். எந்தப் பாடத்தைப் பாடுகிறோம் என்பதைப் பாடும் முன் குழுவே சபையில் சொல்ல வேண்டும் என்ற விதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
வில்லிசை ரசிகர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.