பஸ் ஸ்டாண்டில் நின்று பஸ்ஸைப் பற்றிக் கேட்டால்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் நகரப் பேருந்து வசதி பற்றி நீங்கள் நடத்திய கருத்துக்கணிப்பைப் படித்தேன். 2,400 பேரைச் சந்தித்ததாகவும், அவர்களில் 64 சதவீதம் பேர் திருப்தி என்று சொன்னதாகவும் போட்டிருந்தீர்கள். எங்கே சந்தித்தீர்கள் என்பதையும் மறைக்கவில்லை: இரண்டு பேருந்து நிலையங்கள், ஒரு கல்லூரி வாசல், காய்கறி மார்க்கெட். அதற்கு நன்றி. ஆனால் கட்டத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘நகர மக்களின் கருத்து. பிழை வரம்பு 2 சதவீதம்.’ அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

சந்தை ஆய்வு நிறுவனங்களுக்காக மதுரை, சேலம், கோவை என்று இருபது வருடத்துக்கு மேல் களப்பணி பார்த்தவன் நான். கேள்வித்தாள் கட்டைச் சுமந்துகொண்டு வீடு வீடாகப் போனேன், அப்புறம் போகிறவர்களை மேற்பார்த்தேன். ஆகவே அந்த 2 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2,400-க்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட 49. ஒன்றை 49-ஆல் வகுத்தால் 0.02 வரும், அதாவது 2 சதவீதம். கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. நகரத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உங்கள் 2,400 பேரில் ஒருவராக வர வாய்ப்பு இருந்திருக்க வேண்டும், அந்த வாய்ப்பு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். வாக்காளர் பட்டியலை எடுத்து, குலுக்கலில் வந்த எண்ணிலிருந்து இத்தனையாவது பெயர் என்று எண்ணிப் பிடித்து, அந்த ஆள் வீட்டில் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருந்தால் அந்த நிபந்தனை ஓரளவு நிறைவேறியிருக்கும். குலுக்கலின் அதிர்ஷ்டத்தால் எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைத்தான் அந்த 2 சொல்கிறது. நீங்கள் குலுக்கவே இல்லையே.

எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வேலைக்குப் போகும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்த பஸ் ஒருநாள் நின்றுபோனது. ஆறு மாதம் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கி ஸ்கூட்டர் எடுத்துவிட்டார். நகரப் பேருந்து பற்றி அவரிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். ஆனால் அவர் பேருந்து நிலையத்துக்கு எதற்கு வரப்போகிறார்? பஸ் போகாத விரிவாக்கப் பகுதிகளில் இருப்பவர்களும், படி உயரம் என்பதால் ஏறுவதையே விட்டுவிட்ட என் அக்கா போன்றவர்களும் அங்கே இல்லை. பஸ்மீது அதிகக் கோபம் உள்ளவர்கள்தான் பஸ் ஸ்டாண்டில் நிற்கமாட்டார்கள். கைக்கு எட்டியவர்களைக் கேட்கும் எல்லாக் கணிப்பிலும் யாராவது விடுபடத்தான் செய்வார்கள். இங்கே விடுபட்டதற்கான காரணமும் நீங்கள் கேட்ட கேள்வியும் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல். ஆட்களை 2,400-லிருந்து 24,000 ஆக்கினாலும் அதே இடங்களில் நின்று கேட்டால் இந்தச் சாய்வு அப்படியேதான் இருக்கும். பிழை வரம்பு என்று நீங்கள் போடும் எண் மட்டும் இன்னும் சின்னதாகி, இன்னும் நம்பும்படி தெரியும்.

‘ஆண், பெண், வயது விகிதத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒத்துப்போகும்படி பார்த்துக்கொண்டோம்’ என்றும் எழுதியிருந்தீர்கள். இது கோட்டா முறை. பார்வைக்கு நகரத்தின் சின்ன நகல் போலவே இருக்கும். இந்த முறையைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் 1948-ஆம் ஆண்டு அமெரிக்கா நினைவுக்கு வரும்.

அந்த வருட அதிபர் தேர்தலுக்கு காலப் நிறுவனம் கோட்டா முறையில்தான் கணிப்பு நடத்தியது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் அதன் களப்பணியாளர் ஒருவருக்குக் கொடுத்த பட்டியல் புள்ளியியல் பாடங்களில் இன்றும் காட்டப்படுகிறது. மொத்தம் 13 பேரைப் பார்க்க வேண்டும். 6 பேர் புறநகர், 7 பேர் நகரின் நடுப்பகுதி. 7 பேர் ஆண்கள், 6 பேர் பெண்கள். அந்த ஆண்களில் 3 பேர் நாற்பதுக்குக் கீழ், 4 பேர் அதற்கு மேல். அந்த 7 ஆண்களில் ஒருவர் கறுப்பினத்தவர், மீதி 6 பேர் வெள்ளையர். அந்த வெள்ளையர்கள் மாதம் எவ்வளவு வீட்டு வாடகை கொடுக்க வேண்டும் என்பது வரை எழுதியிருந்தது. இவ்வளவு கறாரான பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை: இந்த வரையறைக்குள் எந்த ஆளைப் பார்ப்பது என்பது. அது களப்பணியாளரின் இஷ்டம்.

காலப் குடியரசுக் கட்சியின் டூயிக்கு ஏறக்குறைய 50 சதவீதம் என்றது. டூயிக்குக் கிடைத்தது 45, ஜெயித்தது ட்ரூமன். கடைசி நேரத்தில் மனம் மாறியவர்களைக் கணிப்பு தவறவிட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் முந்தைய தேர்தல்களைப் புரட்டிப் பார்த்தால் வேறு ஒன்று தெரிகிறது. 1936-இல் குடியரசுக் கட்சிக்கு காலப் கணித்தது 44, வந்தது 38. 1940-இல் 48 என்றது, வந்தது 45. 1944-இல் 48 என்றது, வந்தது 46. எல்லாத் தடவையும் ஒரே பக்கமாகவே தவறியிருக்கிறது. குலுக்கலின் அதிர்ஷ்டம் என்றால் ஒரு தடவை இந்தப் பக்கம், ஒரு தடவை அந்தப் பக்கம் என்று போயிருக்கும். அந்த மூன்று தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் தாராளமாக ஜெயித்ததால் கணிப்பும் பலித்தது போலத் தெரிந்தது, யாரும் கேள்வி கேட்கவில்லை. 1948-இல் போட்டி நெருக்கமானதும் பழைய ஓட்டையே கப்பலைக் கவிழ்த்துவிட்டது.

ஓட்டை எங்கே என்றால், கோட்டாவின் ஒரே பிரிவுக்குள்ளும் குடியரசுக் கட்சிக்காரர்கள் கொஞ்சம் சுலபமாகக் கிடைத்தார்கள். சற்று வசதி, சற்று கூடுதல் படிப்பு, நல்ல தெரு, நிலையான முகவரி. யாரை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டால் களப்பணியாளரின் கால் அந்தப் பக்கம்தான் போகும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் என் காலும் அப்படித்தான் போனது.

மதுரை எல்லீஸ் நகரில் ஒரு சோப்புத்தூள் சர்வே. குடும்பத் தலைவரின் படிப்பையும் வேலையையும் வைத்து வீடுகளை ஏ, பி, சி என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனை பெண்கள் என்று கணக்குக் கொடுத்திருந்தார்கள். நாய் இருக்கும் வீட்டைத் தாண்டிவிடுவோம். மூன்றாவது மாடிக்கு ஏறமாட்டோம். பூட்டியிருந்தால் பக்கத்து வீடு. பகல் பதினொரு மணிக்குக் கதவைத் திறந்து, ‘உள்ளே வாப்பா, தண்ணி குடிக்கிறியா’ என்று கேட்கிற வீடுகளிலேயே எங்கள் தாள்கள் நிரம்பின. சாயங்காலம் ஐந்து மணிக்கு, ‘வேலைக்குப் போகிற பெண், முப்பத்தைந்துக்குக் கீழே, இன்னும் ரெண்டு வேணும்’ என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டு திரிவோம். பின்னாளில் நான் மேற்பார்வையாளராகி மறுசரிபார்ப்புக்குப் போனபோது, தாளில் 34 என்று இருந்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். அவருக்குக் கல்லூரி முடித்த மகன் இருந்தான். ஆனாலும் அலுவலகத்துக்குப் போன அட்டவணையில் வயது, வகுப்பு எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தன. கோட்டாவில் அது பொருந்தத்தான் செய்யும். பொருந்தும்வரை தேடுவதுதானே வேலை. அதனால் அந்தப் பொருத்தத்தைச் சான்றாகக் காட்டக் கூடாது.

சாய்வு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கோட்டாவில் சேர்க்காத, ஆனால் உண்மை நிலவரம் வேறு இடத்திலிருந்து தெரிந்த ஒரு கேள்வியைக் கூடவே கேட்டு வைக்கலாம். வீட்டில் இருசக்கர வாகனம் இருக்கிறதா என்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உண்டு. கணக்கெடுப்பு பழையதாகிவிட்டதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் 2,400 பேரில் வண்டி வைத்திருப்பவர்கள் அதைவிட மிகக் குறைவாக வந்தால், யார் விடுபட்டார்கள் என்று கையில் பிடித்துக் காட்டிவிடலாம். பொருந்தி வந்தாலும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தோம் என்று அர்த்தம்.

சரி, உங்கள் நிருபர்கள் வெயிலில் நின்று எழுதியதெல்லாம் வீணா? இல்லை. திருப்தி இல்லை என்றவர்கள் சொன்ன காரணங்களைத் தனிக் கட்டத்தில் போட்டிருந்தீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் அந்தக் கட்டுரையிலேயே நல்ல பகுதி. இரவு எட்டரைக்கு மேல் மார்க்கெட்டிலிருந்து கூடையோடு ஏறவிடுவதில்லை என்று பூ விற்கும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு குறை இருக்கிறது என்று எழுத சதவீதம் எதற்கு? நேரில் கேட்டு எழுதியதே போதும். எத்தனை பேருக்கு அந்தக் குறை என்பதை மட்டும் இதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சொல்லலாம், கொஞ்சம் ஜாக்கிரதையாக. விடுபட்டவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸால் சலித்துப் போனவர்கள் என்று நாம் நம்பினால், பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர்களிலேயே 36 சதவீதம் பேர் திருப்தியில்லை என்கிறபோது, நகரம் முழுவதும் அது அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பில்லை என்று வாதிடலாம். ‘நம்பினால்’ என்ற சொல்லை அச்சில் விட்டுவிடக் கூடாது. கார் வைத்திருப்பவர்கள் பஸ்ஸைப் பற்றி யோசிக்காமலே ‘நல்லாத்தான் ஓடுது’ என்று சொல்லிவிட்டால் இந்த வாதம் விழுந்துவிடும். அடுத்த வருடம் இதே இடங்களில், இதே நேரத்தில், இதே கேள்வியைக் கேட்டால் அங்கே வருகிறவர்களிடம் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கலாம். அதற்குள் ஒரு பேருந்து நிலையத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் அந்த ஒப்பீடும் செல்லாது.

ஆகவே அந்தப் பொடி எழுத்து வரியை எடுத்துவிட்டு இப்படித் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்: ‘பேருந்து நிலையங்கள், கல்லூரி வாசல், மார்க்கெட் ஆகிய இடங்களில் பகல் நேரத்தில் சந்தித்த 2,400 பேரில் 64 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். இவர்கள் குலுக்கல் முறையில் தேர்வானவர்கள் அல்ல, ஆகையால் பிழை வரம்பு கணக்கிட இயலாது. நகரத்தின் எல்லா மக்களுக்கும் இது பொருந்தும் என்று கொள்ளலாகாது.’ எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்ற எண்ணிக்கையை நிருபர்கள் குறித்து வைத்திருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். குறித்து வைக்கவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களப்பணி மேற்பார்வையாளர் ஒருவர்