ஆசைப் பாட்டு இரண்டாம் முறை வரும்போது

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, அவர்களே பேப்பர் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள், வீடு பகலில் வெறிச்சென்று இருக்கிறது.

உன் இசை நாடகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். முதலில் பாடிய ஆசைப் பாட்டையே கடைசியில் கதாநாயகி திரும்பப் பாடுகிறாள், ஆனால் ஒத்திகையில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தாய். அதை யோசித்துக்கொண்டே 'மை ஃபேர் லேடி' படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். 1956-இல் பிராட்வேயில் மேடையேறியது, 1964-இல் படமானது. நாம் ஹாஸ்டலில் இருந்தபோது பார்த்ததுதான். அப்போது பாட்டுகள் பிடித்திருந்தன, அவ்வளவுதான். இந்த முறை ஒரு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

தொடக்கத்தில் எலைஸா லண்டன் கோவென்ட் கார்டனில் பூ விற்கிறவள். குளிர் ராத்திரி. மார்க்கெட் ஆட்களோடு நெருப்பைச் சுற்றி நின்றுகொண்டு 'வுடன்ட் இட் பி லவர்லி' பாடுகிறாள். அவள் கேட்பது என்ன? குளிர் படாத ஒரு அறை, ஒரு பெரிய நாற்காலி, தின்ன நிறைய சாக்லேட், நிறையக் கரி போட்ட அடுப்பு, முகமும் கையும் காலும் கதகதப்பாக இருக்கவேண்டும். கடைசியாக, தன் மடியில் தலை சாய்த்து, தன்னை அக்கறையாகப் பார்த்துக்கொள்ள ஒருவர். பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'லவ்லி'யை 'லவர்லி' என்பதே அவள் தெருவின் உச்சரிப்பு.

ஆசை இப்படி எண்ணிப் பார்க்கிற மாதிரி இருப்பதால், பிறகு ஒவ்வொன்றாக நம்மால் சரிபார்க்க முடிகிறது. சுத்தமான ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள, பேராசிரியர் ஹிக்கின்ஸ் வீட்டுக்குப் போகிறாள். அறை கிடைக்கிறது, கணப்பு இருக்கிறது. சாக்லேட்? பேச்சுப் பாடத்துக்கு அவளை மசிய வைக்க ஹிக்கின்ஸ் நீட்டுவதே சாக்லேட்தான். கடைசி ஒன்று மட்டும் வருவதில்லை. தூதரக நடன விருந்தில் அவள் தன்னைப் பெரிய இடத்துப் பெண் என்று எல்லோரையும் நம்பவைத்து ஜெயித்துவிட்டு வந்த ராத்திரி, ஹிக்கின்ஸும் அவர் நண்பர் பிக்கரிங்கும் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்கிறார்கள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அந்த ராத்திரியே வீட்டைவிட்டுக் கிளம்பி, விடிகாலையில் பழைய மார்க்கெட்டுக்கு வருகிறாள். அதே நெருப்பு, அதே ஆட்கள், அதே பாட்டு. ஆனால் பாட்டு இப்போது அவர்களுடையது, அவள் வெளியிலிருந்து வந்து நிற்கிறாள். நெருப்பில் கையைச் சூடாக்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். எந்தக் கதகதப்புக்காக அவள் அன்று பாடினாளோ, அதற்கு இப்போது அனுமதி கேட்கவேண்டியிருக்கிறது. அதையும் அவள் பழகிக்கொண்ட சுத்தமான ஆங்கிலத்தில்தான் கேட்கிறாள். ஒருவன் உற்றுப் பார்க்கிறான், வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறான். மரியாதையாக 'மேடம்' போட்டுப் பேசுகிறான். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை, செல்வம். திட்டியிருந்தால்கூட அவள் அவர்களில் ஒருத்தி என்று ஆகியிருக்கும்.

இதில் மெட்டு மாறவில்லை. பாடுகிறவர், நிற்கிற இடம், பேச்சு, இவைதான் மாறின. மெட்டு அப்படியே இருப்பதால்தான் அவள் எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று நம் காதுக்கே தெரிகிறது. 'நான் மாறிவிட்டேன்' என்று அவள் ஒரு வரி பாடியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

இப்போது உன் நாடகம். உன் கதாநாயகி கடைசியில் அதே சரணங்களை அதே ஊர்க்கிணற்றடியில், இன்னும் உச்சஸ்தாயியில் பாடுகிறாள். அவள் ஆசைப்பட்டதும் 'விடுதலை', 'வானம்' மாதிரியான வார்த்தைகள்தான். அது கிடைத்ததா இல்லையா என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? முதல் பாட்டில் கையால் தொடக்கூடிய மூன்று பொருள் வை. நீ எழுதியிருந்த அந்தத் தையல் மிஷின் ஒன்று, தனக்கென்று ஒரு சாவி ஒன்று. மூன்றாவதை நீயே யோசி, அது அவளுக்குக் கிடைக்காமல் போகிறதாக இருக்கட்டும். கடைசியில் பாட்டை அவள் தங்கைக்குக் கொடுத்துப் பார். இவள் ஓரமாக நின்று கேட்கட்டும், பாடவேண்டாம். பாடகிக்குக் கைத்தட்டல் குறையும் என்று உன் இசையமைப்பாளர் சண்டைக்கு வருவார். ஒரே ஒரு ஒத்திகை, அப்படி ஓட்டிப் பாருங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். கதாபாத்திரம் கடைசிவரை மாறாத கதைக்கு இது ஒத்துவராது. அங்கே பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் நினைவூட்டலாக மட்டும்தான் நிற்கும். உன் கதையில் அவள் நிஜமாகவே மாறுகிறாள், அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

திருத்திய பாட்டை அனுப்பு. பொங்கலுக்கு அங்கே வருகிறேன், ஒத்திகை இருந்தால் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்.

உன்
முத்து