மால்புவாவின் ஓரமும் பாகின் பதமும்

அன்பு மகளுக்கு,

ஹோலிக்கு நீ சுட்ட மால்புவாவின் ஓரம் தடித்துப் போனது என்றும், பரிமாறுவதற்குள் பாகில் ஊறிக் கொழகொழத்துவிட்டது என்றும் எழுதியிருந்தாய். அவை இரண்டும் தனித்தனிக் குறைகள். ஒன்று மாவில் வந்தது, மற்றது பாகில் வந்தது.

புஷ்கரில் மாவுடன், பாலைச் சுண்டக் காய்ச்சிய ரப்ரியைக் கலந்து சுடுவார்கள். நாம் அதன் பக்கத்திலுள்ள அஜ்மீரில் இருந்தபோது நீ விரும்பித் தின்றதும் அதுதான். வீட்டில் அதற்குப் பதிலாக இனிப்பில்லாத கோவா போதும். ஒரு கோப்பை மைதாவுக்கு அரைக் கோப்பை கோவாவை உதிர்த்துப் போட்டு, ஏறக்குறைய ஒரு கோப்பைப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள். தோசை மாவைவிடத் தளர்வாகவும் ரவா தோசை மாவைவிடக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சோம்பை உரலில் இரண்டு தட்டுத் தட்டி, ஒன்றிரண்டாக உடைந்த நிலையில் சேர்த்து, அரை மணி நேரம் மூடி வை. நைஸாகப் பொடித்தால் மாவின் நிறம் மங்கிவிடும். கடிக்கும்போது எழும் சோம்பின் மணமும் கிடைக்காது. சமையல் சோடா வேண்டாம், அது நெய்யைக் குடிக்கும்.

அடி தட்டையான அகன்ற வாணலியில் விரலளவு நெய் காய்ந்ததும், ஒரு சிறு கரண்டி மாவை நடுவில் விட்டுவிட்டுக் கரண்டியை எடுத்துவிடு. பரப்பாதே, மாவு தானாகவே பரவ வேண்டும். அப்படிப் பரவும்போது விளிம்பு மெலிந்து, அதிலுள்ள ஈரம் ஆவியாகிக் குமிழிட்டு வெளியேறும் இடமெல்லாம் துளைகளாகி, கோவாவின் பாற்சத்து அவற்றைச் சுற்றிச் சிவந்து சல்லடை போன்ற ஓரமாக நிற்கும். மாவு பரவாமல் குவிந்து நின்றால் கெட்டி என்று பொருள். இரண்டு கரண்டிப் பால் விடு. விளிம்பு பிய்ந்து நெய்யில் மிதந்தால் கோவா மிகுந்துவிட்டது, ஒரு கரண்டி மைதா சேர். தீ மிதமாகவே எரியட்டும். ஓரம் பொன்னிறமானதும் திருப்பி, வெந்தபின் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே அழுத்தி நெய்யை வடித்துவிடு.

இனிப் பாகுக்கு வருகிறேன். நீ ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துச் சர்க்கரை கரைந்ததுமே இறக்கியிருக்கிறாய். அந்த நீர்த்த பாகின் தண்ணீரைத்தான் மொறுமொறுப்பான மேற்புறம் உறிஞ்சிக்கொண்டது. தண்ணீரைப் பாதியாகக் குறைத்து, விரல்களுக்கிடையே பிசுபிசுவென்று ஒட்டி, கம்பி விழுவதற்குச் சற்று முன்பே அறுந்துபோகும் பிசுக்குப் பதத்தில் இறக்கி, ஏலக்காயும் சில துளி எலுமிச்சைச் சாறும் விடு. கம்பிப் பதத்தைத் தாண்டினால் பாகு உள்ளே இறங்காமல் மேலேயே சர்க்கரையாகப் பூத்துவிடும். பாகு கைபொறுக்கும் சூட்டிலும் மால்புவா அப்போதே எடுத்த சூட்டிலும் இருக்க வேண்டும். இருபுறமும் நனைந்ததும், அரை நிமிடத்துக்குள், எடுத்துக் கம்பித் தட்டில் சாய்த்து வை.

எத்தனை கவனமாகச் செய்தாலும் பாகில் தோய்த்தபின் அந்த ஓரத்தின் மொறுமொறுப்பு நெடுநேரம் நிற்காது. ஆகவே விருந்தினர் வருமுன் வெறுமனே சுட்டு வைத்துக்கொண்டு, இலை போட்டபிறகு தோசைக்கல்லில் இருபுறமும் சூடேற்றி, அவரவருக்கு வேண்டியதை மட்டும் பாகில் தோய்த்துக் கொடு.

அன்புடன்,
அம்மா